80 லட்சம் ஃப்ளாட்டா, 22,000 வாடகையா? 20 வருஷக் கணக்கு

கேள்வி: "சார், மேடவாக்கத்துல 2 பெட்ரூம் ஃப்ளாட்ல வாடகைக்கு இருக்கோம். வாடகை 22,000, மெயின்டனன்ஸ் தனி. இதே காம்பளக்ஸ்ல எங்க வீடு மாதிரியே ஒரு ஃப்ளாட் பில்டர்கிட்ட விக்காம இருக்கு, 1,000 சதுர அடி, 80 லட்சம் சொல்றாங்க. கையில 27 லட்சம் இருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் ஒன்றரை லட்சம் சம்பளம் வருது. வாடகை குடுக்குறது தண்டம், இப்ப விட்டா அப்புறம் வாங்கவே முடியாதுன்னு மாமனார் சொல்றார். 20 வருஷத்துக்குக் கணக்கு போட்டா வாடகைதான் லாபம்னு என் ஹஸ்பண்ட் சொல்றார். யார் சொல்றது சரி?" – ஒரு வாசகி, சென்னை

வணக்கம்ங்க. ஒரே காம்பளக்ஸ்ல ஒரே மாதிரி வீட்டுக்கு வாடகையும் தெரியும் விலையும் தெரியும், இது நல்ல வசதி. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் பழைய வீட்டுக்குக் குடுக்குற வாடகையையும் புதுசா பார்த்து வெச்சிருக்குற பெரிய ஃப்ளாட்டோட இஎம்ஐயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க, அது ஆப்பிளையும் பலாப்பழத்தையும் தராசுல வெச்ச மாதிரிதான். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்ல, அதனால நேரா கணக்குக்கு வந்துடலாம்.

முதல்ல வாங்குற பக்கம். 80 லட்சம்ங்கிறது விலை மட்டும்தான். தமிழ்நாட்டுல புது ஃப்ளாட்டோட முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துலேந்து 3 கோடிக்குள்ள இருந்தா, முத்திரைத் தீர்வை 5%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 7%. முழு விலைக்கும் போட்டா 5.6 லட்சம் ஆகும். காம்பளக்ஸ் கட்டி முடிச்சு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கியாச்சுன்னா ஜிஎஸ்டி கிடையாது, இதை மட்டும் பில்டர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. வக்கீல் ஃபீஸ், பேங்க் ப்ராசஸிங், லோனுக்கான அடமானப் பதிவு எல்லாம் சேர்த்து ஒரு 90,000 வெச்சுக்கலாம். அப்புறம் கப்போர்டு, கிச்சன், கிரில், ஃபேன், லைட்டுன்னு 4.5 லட்சத்துக்குக் குறையாது. மொத்தம் 11 லட்சம் உள்ள போற செலவு.

லோன்ல ஒரு விஷயம் நிறையப் பேருக்குக் கடைசி நேரத்துலதான் தெரியும். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன்னா வீட்டு விலைல 80% வரைக்கும்தான் குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, அந்த விலைல பத்திரச் செலவைச் சேர்க்க மாட்டாங்க. அதனால உங்களுக்கு அதிகபட்சம் 64 லட்சம் லோன், 16 லட்சம் கையிலேந்து, மேல சொன்ன 11 லட்சமும் கையிலேந்து. கூட்டினா சரியா உங்க 27 லட்சம், அதாவது பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு உங்க அக்கவுன்ட்ல ஒண்ணும் இருக்காது, யாராவது ஒருத்தருக்கு வேலை போனாலோ ஆஸ்பத்திரி செலவு வந்தாலோ பர்சனல் லோன்தான் எடுக்கணும்.

இஎம்ஐக்கு 20 வருஷத்துக்கு சராசரியா 8.5% வட்டின்னு எடுத்துக்கறேன், ஃப்ளோட்டிங் ரேட் ஏறும் இறங்கும். எக்செல்ல நீங்களே போட்டுப் பாருங்க:

```
=PMT(8.5%/12, 240, -6400000)
```

55,541 வரும். இதுல முதல் மாச இஎம்ஐயை மட்டும் பிரிச்சுப் பாருங்க, 45,333 ரூபா வட்டி, 10,208 ரூபாதான் அசல்ல கழியும். உங்க மாமனார்கிட்ட இந்த ஒரு வரியை மட்டும் காட்டுங்க. வாடகை திரும்பி வராத காசுங்கிறது உண்மைதான், ஆனா வட்டியும் திரும்பி வராத காசுதான், பேங்க்லேந்து வாங்குன பணத்துக்கு நாம குடுக்குற வாடகை அது. இன்னிக்கு நீங்க ஓனருக்கு 22,000 குடுக்கறீங்க, வாங்கினா பேங்குக்கு 45,000 குடுப்பீங்க, அதே ஹால், அதே பால்கனி. முதல் வருஷம் முழுக்க வட்டி மட்டும் 5.39 லட்சம், வாடகை 2.64 லட்சம்.

வட்டிக்கு வரிச்சலுகை இருக்கேன்னு கேப்பீங்க. புது வரி முறைல இருந்தீங்கன்னா நாம குடியிருக்குற வீட்டு வட்டிக்கு ஒரு ரூபா கூடக் கழிவு கிடையாது. பழைய முறைல இருந்தா வருஷம் 2 லட்சம் வரைக்கும் உண்டு, ஆனா அதே பழைய முறைல வாடகைக்கு எச்ஆர்ஏ கழிவும் உண்டு, அதனால இதை ரெண்டு பக்கமும் விட்டுடறேன்.

ஓனரா இருந்தா மட்டும் வர்ற செலவு அடுத்தது. மெயின்டனன்ஸ் வாடகைக்கு இருந்தாலும் நீங்கதான் கட்டறீங்க, அது ரெண்டு பக்கமும் சமம். சொத்து வரி, வீட்டுக்குள்ள ரிப்பேர், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட், அசோசியேஷன்ல லிஃப்ட் மாத்தணும் மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும்னு ஆளுக்கு இவ்வளவுன்னு கேக்குறது, இதெல்லாம் ஓனர் தலைல. வருஷத்துக்கு 40,000னு ஆரம்பிச்சு 5% ஏத்திக்கிட்டே போனா 20 வருஷத்துல 13 லட்சம் ஆகும். இஎம்ஐ மொத்தம் 1.33 கோடி. கையிலேந்து போட்ட 27ஐயும் சேர்த்தா வாங்குற பக்கம் நீங்க வெளிய எடுத்து வெக்கற காசு 1.73 கோடி.

வாடகைப் பக்கம், வருஷம் 5% ஏறுதுன்னு வெச்சா 20 வருஷத்துல மொத்தம் 87 லட்சம். கடைசி வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா, 55,593. அதாவது உங்க வாடகை இந்த இஎம்ஐயைத் தொடறதுக்கே இருபதாவது வருஷம் ஆகுது. "அஞ்சு வருஷத்துல வாடகையும் இஎம்ஐயும் ஒண்ணாயிடும்"னு பில்டர் ஆபீஸ்ல சொன்னா இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்க.

ஆனா 1.73 கோடி பெருசா 87 லட்சம் பெருசான்னு இதோட முடிச்சுட்டா தப்பாயிடும், உங்க ஹஸ்பண்டும் இங்கதான் கொஞ்சம் அவசரப்படறார்னு நினைக்கறேன். வாங்கினவங்க கையில கடைசில ஒரு வீடு இருக்கும். வாடகைக்கு இருந்தவங்க கையில என்ன இருக்கும்? அந்த 27 லட்சமும், ஒவ்வொரு மாசமும் மிச்சமான வித்தியாசமும் என்ன ஆச்சோ அதுதான் இருக்கும். கேள்வியே அந்த ரெண்டு சொத்துல எது பெருசுங்கிறதுதான்.

வீட்டை முதல்ல பார்க்கலாம். ஃப்ளாட் விலை வருஷம் இத்தனை சதவீதம் ஏறும்னு மொத்தமா ஒரு நம்பர் போடறதுல எனக்கு இஷ்டம் இல்ல, ஏன்னா ஃப்ளாட்டுக்குள்ள ரெண்டு பொருள் இருக்கு, நிலம் ஏறும், கட்டடம் தேயும். உங்க பங்கு நிலத்துக்குப் பேர்தான் யூடிஎஸ், பிரிபடாத பங்கு, பத்திரத்தோட ஷெட்யூல்ல சதுர அடில எழுதியிருப்பாங்க. பில்டர்கிட்ட மாடல் பத்திரம் கேட்டு அந்த ஒரு எண்ணைப் பாருங்க. உதாரணத்துக்கு உங்க யூடிஎஸ் 450 சதுர அடி, அங்க மனை விலை சதுர அடி 8,000னு வெச்சுக்கறேன், நீங்க விசாரிச்சு நிஜ விலையைப் போட்டுக்கங்க. நிலம் 36 லட்சம், மீதி 44 லட்சம் கட்டடம். நிலம் வருஷம் 8% ஏறினா 20 வருஷத்துல 1.68 கோடி. 20 வருஷம் பழசான கட்டடத்துக்கு வாங்குறவன் என்ன குடுப்பான், ஒரு 20 லட்சம் போடலாம். ஆக வீடு 1.88 கோடி. மொத்தமா பார்த்தா இது வருஷம் 4.4% வளர்ச்சிதான், நிலம் 8% ஏறியும்.

இதே 80 லட்சத்துக்குப் பத்துப் பதினஞ்சு மாடி டவர்ல வாங்கினா யூடிஎஸ் 300 சதுர அடிதான் இருக்குன்னு வெச்சுக்கங்க, அப்ப 20 வருஷம் கழிச்சு 1.32 கோடிதான் வரும். ஒரே விலை, ஒரே ஏரியா, நீச்சல் குளம் வேற இருக்கும், ஆனா 56 லட்சம் வித்தியாசம். மாடல் ஃப்ளாட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி யூடிஎஸ்ஸைப் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் கெஞ்சாத குறையா சொல்றது இதனாலதான்.

இப்ப வாடகைக்கு இருந்தா சேர்ற பணம். 27 லட்சத்துல 6 மாச அட்வான்ஸ் 1.32 லட்சம் ஓனர்கிட்ட வட்டி இல்லாம கிடக்கும்னு கழிச்சுட்டேன், சட்டம் சொல்ற அளவு 3 மாசம்தான், ஆனா நடைமுறைல அதுக்கு மேலயும் வாங்கறாங்க. மாசாமாசம் மிச்சம் எவ்வளவுன்னா, இஎம்ஐயும் ஓனர் செலவும் சேர்ந்ததுல வாடகையைக் கழிச்சா முதல் வருஷம் மாசம் 36,900, பத்தாவது வருஷம் 26,600, இருபதாவது வருஷம் 8,400. வாடகை ஏற ஏற மிச்சம் சுருங்கிக்கிட்டே வருது பாருங்க, அதனால ஆரம்ப வருஷத்துல சேர்க்குறதுதான் முக்கியம்.

இந்தப் பணம் வரி போக 7% வளருதுன்னு எடுத்துக்கறேன். பிபிஎஃப்ல 2020 ஏப்ரல்லேந்து 7.1% குடுக்கறாங்க, வரி கிடையாது, ஒரு பேருக்கு வருஷம் ஒன்றரை லட்சம் வரைக்கும் போடலாம், மீதி இண்டெக்ஸ் ஃபண்டும் கொஞ்சம் எஃப்டியுமா இருந்தா 7% பேராசை இல்ல. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மாத்துறதா வெச்சு, புரோக்கர் கமிஷன், லாரி, அட்வான்ஸ்ல பெயின்டுக்குன்னு பிடிக்கிறது எல்லாம் இன்னிக்கு விலைக்கு 60,000 போட்டுக் கழிச்சுட்டேன். 20 வருஷம் கழிச்சு கையில 2.35 கோடி.

ஒரு பக்கம் 1.88 கோடி வீடு, இன்னொரு பக்கம் 2.35 கோடி பணம். அதே வீட்டைப் பத்திரச் செலவோட ரொக்கமா வாங்கினாலும் 25 லட்சத்துக்கு மேல மிஞ்சும். பேப்பர்ல உங்க ஹஸ்பண்ட் சொல்றதுதான் சரி. முழுசா ஈக்விட்டில 10% போட்டா 3 கோடியைத் தாண்டும், ஆனா அதை நம்பி குடும்பத்தோட முடிவை எடுக்காதீங்க.

ஆனா பேப்பர்ல மட்டும்தான். சில வருஷம் முன்னாடி என்கிட்ட ஒரு தம்பதி வந்தாங்க, உங்க நிலைமைதான் கிட்டத்தட்ட, இதே மாதிரி கணக்கு போட்டுக் குடுத்தேன், வாடகைக்கே இருக்கறதா முடிவு பண்ணிப் போனாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப வந்தப்ப ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தேன், எஸ்ஐபி எட்டு மாசம் போயிருக்கு, அப்புறம் கார் வாங்குன மாசம் நிறுத்தியிருக்காங்க, திரும்ப ஆரம்பிக்கவே இல்ல. அவங்க ஊதாரிங்க இல்ல. தங்கச்சி கல்யாணம், ஸ்கூல் டொனேஷன், ஒரு ஆபரேஷன், எல்லாமே நியாயமான செலவுதான், ஆனா கையில பணம் இருந்ததால அந்தச் செலவெல்லாம் அந்தப் பணத்தைத் தேடி வந்துச்சு. இஎம்ஐன்னா அஞ்சாம் தேதி பேங்க் எடுத்துட்டுப் போயிடும், யாரும் கை வெக்க முடியாது. அன்னிலேந்து நான் இந்தக் கணக்கைக் குடுக்கறப்ப இன்னொரு வரியும் சேர்த்துத்தான் குடுக்கறேன்: மாச வித்தியாசத்துல பாதியைத்தான் சேர்க்க முடிஞ்சதுன்னா அதே 7%ல 1.64 கோடிதான் வரும். முழுசா சேர்த்தும் எல்லாத்தையும் எஃப்டில போட்டு வரி போக 5% கிடைச்சா 1.73 கோடி. ரெண்டுலயும் வீடுதான் ஜெயிக்குது.

அதனால உங்க மாமனார் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அவர் காலத்துல வாடகைக்கு இருந்து மிச்சம் பிடிச்சவங்க பணம் கரைஞ்சு போனதையும் வீடு கட்டினவங்க நின்னதையும் கண்ணால பார்த்திருப்பார். அவர் பார்த்தது நிலம், ஒரு கிரவுண்டு வாங்கி மேல வீடு கட்டினா மொத்த நிலமும் நம்மளது. நீங்க வாங்கப் போறது ஒரு கிரவுண்டுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. நிலம் வருஷம் 9.4%க்கு மேல 20 வருஷமும் ஏறினாத்தான் இந்த ஃப்ளாட் 2.35 கோடியைத் தாண்டும். அது நடக்கவே நடக்காதுன்னு இல்ல, ஆனா 2014லேந்து அஞ்சாறு வருஷம் சென்னைல பல இடத்துல ஃப்ளாட் விலை அசையாம கிடந்ததையும் நாம பார்த்தோம்.

"இப்ப விட்டா வாங்கவே முடியாது"ங்கிற பயத்துக்குத் தனியா ஒரு கணக்கு போட்டேன். 6 வருஷம் வாடகைக்கு இருந்து மிச்சத்தை ஒழுங்கா சேர்த்தா, 7%ல உங்க கையில அட்வான்ஸையும் சேர்த்து 70 லட்சம் இருக்கும். மேல பார்த்த 4.4% வளர்ச்சில இதே ஃப்ளாட் அப்ப 1.04 கோடி, செலவு 14 லட்சம் சேர்த்து 1.18 கோடி. லோன் 48 லட்சம் வேணும். இன்னிக்கே வாங்கியிருந்தா 6 வருஷம் இஎம்ஐ கட்டின பிறகு உங்க லோன் பாக்கி எவ்வளவு இருக்கும்? 54.5 லட்சம். காத்திருந்தவங்களுக்குக் கடன் கம்மிதான், நடுவுல யாருக்காவது பெங்களூர்ல வேலை கிடைச்சா விக்கற தலைவலியும் இல்ல. ஆனா அந்த 6 வருஷமும் ஃப்ளாட் விலை வருஷம் 8% ஏறிடுச்சுன்னா 72 லட்சம் லோன் வேணும், அப்ப மாமனார் சொன்னது பலிச்சிடும். அந்த ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சே முடிவெடுங்க.

எந்த விலைல இது மாறும்னும் பார்த்தேன். இதே 22,000 வாடகைக்கு ஃப்ளாட் 55 லட்சத்துக்குக் கிடைச்சா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம், வீடு ஒரு நூல் முன்னாடி. அதாவது விலை வருஷ வாடகை மாதிரி 20, 21 மடங்கு. உங்களுக்குச் சொல்லியிருக்கறது 30 மடங்கு. பில்டர் ரெண்டு மூணு லட்சம் குறைச்சாலோ மாடுலர் கிச்சன் ஃப்ரீன்னு சொன்னாலோ இந்த இடைவெளி அடையாது. மேடவாக்கத்துலேந்து உள்ள தள்ளி, இல்லேன்னா பத்து வருஷம் பழைய மூணு மாடிக் கட்டடத்துல ரீசேல் ஃப்ளாட் பாருங்க, யூடிஎஸ் அதிகமா இருக்கும், மடங்கு குறைவா இருக்கும். ரீசேலுக்குப் பத்திரச் செலவு 9%ங்கிறதை மறக்காதீங்க. அந்தப் பக்கம் வீடு பார்க்கப் போனா 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு வாட்ச்மேன்கிட்டயும் எதிர் மளிகைக்கடைலயும் கேளுங்க, வாடகைக்கு இருக்கறவங்க அடுத்த மாசமே காலி பண்ணிடலாம், ஓனரால முடியாது.

நான் உங்க இடத்துல இருந்தா இந்த 80 லட்சம் ஃப்ளாட்டை வாங்க மாட்டேன். ஆனா வாங்காம விடறதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஒரு சோதனை பண்ணுவேன். வர்ற மாசத்துலேந்து அஞ்சாம் தேதி உங்க அக்கவுன்ட்லேந்து 36,900 தானா போற மாதிரி எஸ்ஐபியும் பிபிஎஃப்பும் ஆட்டோ டெபிட் போட்டுடுங்க, 27 லட்சத்துல ஆறு மாசச் செலவை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு மீதியைத் தொட முடியாத இடத்துல போடுங்க. ஆறு மாசமும் ஒரு தவணை கூடத் தவறாமப் போச்சுன்னா வாடகை உங்களுக்குச் சரிப்படும், தைரியமா இருங்க. ரெண்டு தடவை நிறுத்துற மாதிரி ஆச்சுன்னா 55, 60 லட்சத்துக்குள்ள யூடிஎஸ் நல்லா இருக்குற வீடா தேட ஆரம்பிச்சுடுங்க, அந்த 1.64 கோடிக் கணக்குதான் உங்க கணக்கு. பில்டர் ஆறு மாசம் காத்திருக்க மாட்டேன்னு சொல்லலாம், அதுக்காக டோக்கன் அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க. மாடல் பத்திரம் கையில கிடைச்சதும் யூடிஎஸ் எவ்வளவுன்னும் அங்க மனை என்ன விலை போகுதுன்னும் எழுதுங்க, 450, 8,000னு நான் போட்ட இடத்துல உங்க எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கு பண்ணித் தர்றேன்.